கையில் இருக்கும் பங்கின்மேல் கவர்டு கால்: எந்த ஸ்ட்ரைக், எந்த எக்ஸ்பைரி, எவ்வளவு ஏற்றத்தை விட்டுக்கொடுக்கிறோம்?

கேள்வி: பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் 850 பங்குகள் நாலைந்து வருஷமாக என்னிடம் இருக்கின்றன. சராசரி வாங்கிய விலை 1,050 ரூபாய், இப்போது 1,500. லாட் 400. "சும்மா கிடக்கிற பங்குதானே, மாசாமாசம் கால் ஆப்ஷன் விற்றால் வீட்டு வாடகை மாதிரி பணம் வரும்" என்கிறார் அலுவலக நண்பர். எந்த ஸ்ட்ரைக்கில், எந்த மாத எக்ஸ்பைரியில் விற்பது சரி? பங்கு ஏறிவிட்டால் எவ்வளவு போகும்?

பதில்:

கையில் பங்கை வைத்துக்கொண்டு அதன்மேல் கால் ஆப்ஷன் விற்பதுதான் கவர்டு கால். உங்கள் நண்பர் சொல்லும் வாடகையில் ஒரு ஷரத்து விட்டுப்போயிருக்கிறது. குடியிருப்பவர் மாதம் ஒரு சிறு தொகை தருகிறார், சரி. ஆனால் மாதக் கடைசியில் அந்தத் தெருவில் வீட்டு விலை ஏறியிருந்தால், முன்பே பேசி வைத்த விலைக்கு அந்த வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. விலை விழுந்தால் வீடும் நஷ்டமும் உங்களுக்கே. ஸ்ட்ரைக் என்பது அந்தப் பேசி வைத்த விலை, பிரீமியம் அந்தச் சிறு தொகை, எக்ஸ்பைரி அந்த மாதக் கடைசி. அதனால் "எந்த ஸ்ட்ரைக்கில் பிரீமியம் நன்றாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். "இந்த மாதக் கடைசியில் என் 400 பங்கை எந்த விலைக்கு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தம் இருக்காது" என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத பங்கில் கவர்டு கால் விற்கவே வேண்டாம்.

உங்கள் எண்களையே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். பங்கு 1,500 ரூபாய், எக்ஸ்பைரிக்கு 30 நாள், பங்கு வருடத்தில் எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கும் ஐ.வி. 24 சதவீதம் என்று கொள்வோம். பெரிய, நிதானமான பங்குக்கு இது சாதாரண நிலை. அப்போது பிரீமியங்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 1,500 ஸ்ட்ரைக்குக்கு 45 ரூபாய், 1,560-க்கு 21, 1,600-க்கு பதினொன்றரை, 1,640-க்கு 6. இவை கணக்கிலிருந்து வந்த எண்கள். உங்கள் திரையில் அன்றைக்குத் தெரிவது கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் அவற்றுக்கு இடையிலான விகிதம் பெரிதாக மாறாது.

1,500 ஸ்ட்ரைக்கில் ஒரு லாட்டுக்கு 18,000 ரூபாய் கையில் வரும். ஆனால் அதோடு சரி. பங்கு எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு அந்த 45 ரூபாய்க்கு மேல் ஒன்றும் இல்லை. 1,560-ல் வருவது 8,400. ஏற்றத்தில் 60 ரூபாய் உங்களுடையது. 1,600-ல் வருவது 4,600. ஏற்றத்தில் 100 ரூபாய் உங்களுடையது. 1,640-ல் வருவது 2,400 மட்டும். பிரீமியம் பெரிதாகத் தெரியும் இடத்திலெல்லாம் விட்டுக்கொடுப்பதும் பெரிது. சந்தை இதைச் சரியாகவே விலைபோட்டு வைத்திருக்கிறது. இலவசப் பணம் எந்த ஸ்ட்ரைக்கிலும் இல்லை.

இப்போது 1,600 கால் ஒரு லாட் விற்றுவிட்டீர்கள், 4,600 வந்துவிட்டது. இனி மூன்று விதமாக நடக்கலாம்.

பங்கு 1,600-க்குள்ளேயே நின்றால் ஆப்ஷன் செல்லாமல் போகும், 4,600 உங்களுக்கு. பெரும்பாலான மாதங்கள் இப்படித்தான் முடியும். பங்கு ஒரு ரூபாய் ஏறினால் காலின் விலை எவ்வளவு ஏறும் என்பதுதான் டெல்டா. இந்த ஸ்ட்ரைக்கில் அது 0.20 அளவில் இருக்கும்; அதை ஐந்து மாதத்தில் ஒரு மாதம் பங்கு ஸ்ட்ரைக்கைத் தாண்டலாம் என்று தோராயமாகப் படிக்கலாம்.

அந்த ஐந்தாவது மாதத்தில் பங்கு 1,680-ல் முடிகிறது என்று வைப்போம். கால் விற்காமல் இருந்திருந்தால் 400 பங்கின் மதிப்பு 6,72,000. விற்றதால் உங்களுக்குக் கிடைப்பது 6,40,000-மும் பிரீமியம் 4,600-மும், மொத்தம் 6,44,600. விட்டுக்கொடுத்தது 27,400 ரூபாய். அதாவது கிட்டத்தட்ட ஆறு மாதப் பிரீமியம் ஒரே மாதத்தில் போய்விட்டது. மாதம் 0.77 சதவீதம், பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 9 சதவீதம் என்று போடும் கணக்கு பிழையாவது இங்கேதான். அந்தக் கணக்கில் ஐந்தாவது மாதம் இல்லை. பங்குகள் மாதாமாதம் சீராக ஏறுவதில்லை. ஒரு வருடத்து ஏற்றத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களில் வந்துவிடும். கால் விற்பவர் அந்த மாதங்களைத்தான் விற்கிறார்.

மூன்றாவது, பங்கு 1,350-க்கு விழுகிறது. ஒரு லாட்டில் நஷ்டம் 60,000. பிரீமியம் அதில் 4,600-ஐ மட்டும் தாங்கும். இதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். விழுந்ததைவிட மோசம், விழுந்தபின் செய்யும் தவறு. 1,350-ல் நிற்கும் பங்குக்கு 1,600 காலில் பிரீமியமே இருக்காது. "நஷ்டத்தைக் கொஞ்சம் ஈடுகட்டலாம்" என்று ஸ்ட்ரைக்கை 1,420-க்கு இறக்கி, 15 ரூபாய்க்கு, அதாவது 6,000 ரூபாய்க்கு விற்பார்கள். அடுத்த மாதம் பங்கு மீண்டும் 1,500-க்கு வந்துவிட்டால்? 80 ரூபாய் வீதம் 32,000 போகும். பங்கு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. உங்கள் கணக்கில் மட்டும் 21,400 ரூபாய் குறைகிறது. இறக்கம் முழுவதையும் சுமந்துவிட்டு, மீட்சியை விற்றுவிட்டீர்கள். கவர்டு கால் செய்பவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனவே பங்கு 8, 10 சதவீதம் விழுந்த மாதத்தில் புதிதாக விற்காமல் இருப்பதே நல்லது. முதலில் மனதில் வைத்த விற்பனை விலைக்கு அருகில் பங்கு திரும்பி வரட்டும்.

ஸ்ட்ரைக் தேர்வுக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது 0.15 முதல் 0.25 வரையிலான டெல்டா. இந்த உதாரணத்தில் அது 1,600-ஐ ஒட்டி விழுகிறது. இதைவிடத் தள்ளி 1,640-ல் போனால் வரி கழித்து மிஞ்சுவது அந்தத் தொல்லைக்குப் போதாது. நெருங்கி 1,560-ல் போனால் மூன்று மாதத்தில் ஒரு மாதம் மாட்டுவீர்கள். டெல்டாவைப் பார்த்தபின் முதல் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்: 1,600-உம் பதினொன்றரையும் சேர்ந்து 1,611.50-க்கு இந்தப் பங்கை விற்க மனம் ஒப்புகிறதா? ஒப்பவில்லை, 1,700 கிடைத்தால்தான் விற்பேன் என்றால், உங்களுக்கான ஸ்ட்ரைக் 1,700. அங்கே இந்த மாதம் பிரீமியம் ஒன்றுமில்லை என்றால், இந்த மாதம் உங்களுக்கு வேலை இல்லை.

உங்களிடம் இரண்டு லாட்டுக்குப் பங்கு இருக்கிறது, அது நல்லது. ஒரு லாட்டுக்கு மட்டும் கால் விற்று, மீதி 450 பங்கைத் தொடாமல் விடுங்கள். ஏற்றத்தை முழுதாக இழக்காமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. 1,680 உதாரணத்தில், விட்ட 27,400 இருந்தாலும் அந்த 450 பங்கில் 81,000 ரூபாய் ஏற்றம் முழுதாக உங்களுக்கே வரும். ஒரு லாட்டுக்குக் குறைவாக, உதாரணமாக 350 பங்கு, வைத்திருப்பவர் கால் விற்கவே கூடாது. மீதி 50 பங்குக்கு எந்தக் காப்பும் இல்லை. லாட் அளவு அவ்வப்போது மாற்றி அறிவிக்கப்படும், விற்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பைரியில் தெரிந்துகொள்ள வேண்டியது, நாள் இரட்டிப்பானால் பிரீமியம் இரட்டிப்பாகாது என்பது. 1,500 ஸ்ட்ரைக்கில் ஒரு மாதத்துக்கு 45, இரண்டு மாதத்துக்கு 66 அளவில்தான். இரண்டு முறை தனித்தனியாக விற்றால் 90. ஆனால் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்கில் கதை வேறு: 1,600-க்கு ஒரு மாதம் பதினொன்றரை, இரண்டு மாதம் 27. திரையில் இதைப் பார்த்ததும் இரண்டு மாதக் கால்தான் லாபம் என்று தோன்றும். அது தோற்றம்தான். இரண்டு மாதத்தில் பங்கு 1,600-ஐத் தாண்டும் வாய்ப்பும் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றுக்கும் மேலே போய்விடுகிறது. கூடுதல் பணம் அதற்கான விலை. அதோடு நம் சந்தையில் பங்கு ஆப்ஷன்களில் நடப்பு மாதத்தில்தான் வியாபாரம் இருக்கும். அடுத்த மாதத்தில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடையே மூன்று, நான்கு ரூபாய் இடைவெளி கிடப்பது சாதாரணம். உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை அதைக் கொடுக்க வேண்டும். அதனால் எக்ஸ்பைரிக்கு 25 முதல் 35 நாள் இருக்கும்போது, அந்த நேரத்து நெருங்கிய மாதத்தை, லிமிட் ஆர்டரில் விற்பது போதும். மார்க்கெட் ஆர்டர் பங்கு ஆப்ஷனில் எப்போதும் வேண்டாம்.

விற்றபின் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பதினொன்றரைக்கு விற்றது இரண்டு வாரத்தில் 2 ரூபாய்க்கு வந்துவிட்டால் வாங்கி முடித்துவிடுங்கள். மீதி 800 ரூபாய்க்காக இன்னும் இரண்டு வாரம் 6 லட்சம் ரூபாய்ப் பங்கைக் கட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

காலாண்டு முடிவு வரும் மாதத்தில் மட்டும் தனிக் கவனம் தேவை. முடிவு நாள் அருகில் ஐ.வி. ஏறும்; அதே 1,600 காலுக்கு 17, 18 ரூபாய் தெரியும். அந்தக் கூடுதல் பணம், மறுநாள் காலை பங்கு 6 சதவீதம் மேலே திறக்கலாம் என்பதற்கான விலை. முடிவு நல்லபடி வரும் என்று நினைத்தே பங்கை வைத்திருப்பவர், அதே நாளின் ஏற்றத்தை விற்பது முரண். முடிவு வெளியாகி, ஐ.வி. இறங்கியபின் விற்றால் பிரீமியம் குறைவு, தூக்கம் நிறைவு.

இனி மாட்டிக்கொண்ட மாதம். பங்கு 1,680, எக்ஸ்பைரிக்கு இரண்டு நாள், 1,600 கால் 82 ரூபாய். மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பங்கைக் கொடுத்துவிடுவது. நம் நாட்டில் பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, எக்ஸ்பைரிக்கு முன் யாரும் உங்களிடம் பங்கைக் கேட்க முடியாது. ஆனால் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. எக்ஸ்பைரியில் பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேல் முடிந்தால் 400 பங்கை ஸ்ட்ரைக் விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததும் மூலதன ஆதாயம் வரும்: 550 ரூபாய் வீதம் 2,20,000. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால ஆதாயம். வருடத்துக்கு 1,25,000 வரை வரி இல்லை, மீதி 95,000-க்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 12,350. வேறு பங்கை விற்று அந்த 1,25,000-ஐ ஏற்கனவே பயன்படுத்திவிட்டால் இது 28,600. ஒரு டிமேட் கணக்கில் பழைய பங்குதான் முதலில் வெளியேறியதாகக் கணக்காகும், ஆகவே நாலு வருடம் முன் குறைந்த விலைக்கு வாங்கியவை போனால் ஆதாயம் சராசரியைவிடக் கூடும்.

இரண்டு, 82 கொடுத்துக் காலைத் திரும்ப வாங்குவது. 32,800 ரொக்கமாக வேண்டும்; பங்கு ஏறியிருந்தாலும் அந்த ஏற்றம் காகிதத்தில்தான் இருக்கிறது. வரிக் கணக்கும் இங்கே கோணலாகும். ஆப்ஷன் லாப நஷ்டம் மூலதன ஆதாயத்தில் சேராது, வியாபார வருமானத்தில் சேரும், படிவம் ITR-3. பிரீமியம் லாபமாக நின்றால் 30 சதவீத வரம்பில் இருக்கும் உங்களுக்கு 31.2 சதவீதம் வரி. 4,600-ல் கையில் மிஞ்சுவது 3,165 அளவில். அதாவது மாதம் அரை சதவீதம்தான். நஷ்டமானாலோ சம்பளத்தில் கழிக்க முடியாது. அதே வருடத்தில் மூலதன ஆதாயம் இருந்தால் அதில் கழிக்கலாம். இல்லாவிட்டால் எட்டு வருடம்வரை பின்வரும் வியாபார வருமானத்துக்கு எதிராக எடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் மட்டும்.

மூன்று, ரோல் செய்வது: 1,600-ஐ 82-க்கு வாங்கி, அடுத்த மாத 1,700-ஐ 41-க்கு விற்பது. ஸ்ட்ரைக் 100 ரூபாய் மேலே போகிறது, அதற்கு ரொக்கம் 41 வீதம் 16,400 கொடுக்கிறீர்கள். பங்கு 1,700-ஐ நோக்கித் தொடர்ந்தால் நல்ல பேரம். அங்கிருந்து 1,600-க்குத் திரும்பினால் கொடுத்த 16,400 போனதுதான். கையிலிருந்து பணம் போகக் கூடாது என்று அதே 1,600-ஐ அடுத்த மாதத்துக்கு 102-க்கு விற்பவர்கள் உண்டு. 20 ரூபாய் வரும், ஆனால் 1,600 என்ற கூரை இன்னொரு மாதம் தலைக்குமேல் நிற்கும். என் கருத்தில், ஸ்ட்ரைக்கை உண்மையான விற்பனை விலையாகத் தேர்ந்தவர் பங்கைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ரோல் செய்ய மனம் துடிக்கிறது என்றால் ஸ்ட்ரைக் தேர்வே பிசகியிருக்கிறது, அடுத்த முறை அதைத் திருத்துங்கள்.

கடைசியாக, பங்கு கையில் இருந்தும் சிக்கும் இடம். டிமேட்டில் பங்கு இருப்பதாலேயே தரகரின் திரை உங்களைக் கவர்டு என்று கருதாது. கால் விற்க, ஈடாக வைக்கும் தொகையான மார்ஜினை முழுதாகக் கேட்கும். இந்த அளவு லாட்டுக்கு ஒரு லட்சத்துக்கு அருகிலோ மேலேயோ இருக்கும், ஆர்டர் போடும் திரையிலேயே தெரியும். அதற்குப் பங்கைப் பிளெட்ஜ் செய்வார்கள், அதாவது தரகரிடம் அடகு வைப்பார்கள். பிளெட்ஜில் பங்கு மதிப்பிலிருந்து ஒரு பகுதி கழித்தே மார்ஜின் தருவார்கள். இரவு தாண்டும் நிலைக்குப் பாதியாவது ரொக்கமாகவோ அதற்கு ஈடான ஃபண்டாகவோ வேண்டும், இல்லையேல் பல தரகர்கள் அந்தப் பாதிக்கு வட்டி போடுவார்கள். 4,600 ரூபாய்ப் பிரீமியத்துக்கு அந்த வட்டியையும் கழித்துப் பாருங்கள்.

என்.எஸ்.இ.யில் பங்கு ஆப்ஷன் எக்ஸ்பைரி 2025 செப்டம்பர் முதல் மாதத்தின் கடைசிச் செவ்வாய். ஸ்ட்ரைக்குக்கு மேல் முடிந்தால் அடுத்த வர்த்தக நாளே பங்கு போய்ச் சேர வேண்டும். அப்போது பங்கு பிளெட்ஜில் பூட்டிக்கிடந்தால், வைத்திருந்தும் கொடுக்காதவர் ஆவீர்கள். சந்தை ஏலத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தையும் அபராதத்தையும் உங்கள் கணக்கில் போடும். அவசரமாகப் பிளெட்ஜை எடுத்தாலோ மார்ஜின் குறைந்து அதற்கு வேறு அபராதம். எனவே பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேலே போய்விட்டால், எக்ஸ்பைரி வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே முடிவெடுங்கள்: கொடுப்பதானால் மார்ஜினுக்கு ரொக்கம் போட்டுவிட்டு 400 பங்கையும் பிளெட்ஜிலிருந்து விடுவியுங்கள், கொடுக்க விருப்பமில்லை என்றால் அன்றே வாங்கி முடியுங்கள். பங்கு ஸ்ட்ரைக்கை வெகுவாகத் தாண்டிவிட்ட காலுக்குச் செவ்வாய் மதியம் நியாயமான விலையில் விற்பவர் கிடைப்பது கடினம். பிளெட்ஜில் உள்ள பங்கை உங்கள் தரகர் தானாகவே எடுத்துக் கொடுப்பாரா என்பதை முதல் கால் விற்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வந்தபின் தள்ளுபடித் தரகரிடம் எஃப் அண்டு ஓ கணக்கு திறந்து, பழைய பங்கை ஊரில் வங்கிக் கிளையில் திறந்த டிமேட்டிலேயே விட்டிருப்பவர்கள் நிறைய. உங்கள் பங்கும் அப்படி இருந்தால், முதலில் 400 பங்கை ஆப்ஷன் விற்கும் கணக்கின் டிமேட்டுக்கு மாற்றுங்கள். அது வந்து சேர்ந்தபிறகே கால் விற்க வேண்டும். இன்னொன்று, இது நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவென்றால் எதையும் தொடும் முன் உங்கள் நிறுவனத்தின் உள்வர்த்தக நடத்தை விதியைப் படியுங்கள். ஊழியர் சொந்தப் பங்கில் டெரிவேட்டிவ் செய்வதைத் தடுக்கும் விதி அதில் இருந்தால், மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. லிமிட் விலையில் பங்கையே விற்பதுதான் உங்களுக்குள்ள வழி.